டூப்ளிகேட் ஒட்டி வந்தாலும் மணிச்சத்து தப்பாக வருவது எப்படி?

கேள்வி: சார், நான் ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஓல்சன் முறையில் மணிச்சத்து பார்க்கிறோம். பத்து சாம்பிளுக்கு ஒன்று டூப்ளிகேட் வைக்கிறோம், இரண்டும் எப்போதும் ஒட்டியே வருகிறது. போன வாரம் ஒரு விவசாயி அதே மண்ணை வேறு லேபிலும் கொடுத்திருக்கிறார். எங்களிடம் ஹெக்டேருக்கு 14 கிலோ, அங்கே 9 கிலோ. டூப்ளிகேட் சரியாக இருக்கும்போது இது எப்படி? கண்ட்ரோல் மண் என்று எதை வைப்பது? கண்டறியும் வரம்பு எவ்வளவு என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டார், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

ஒரே தப்பை இரண்டு தடவை ஒரே மாதிரி செய்தாலும் டூப்ளிகேட் ஒட்டித்தான் வரும். உங்கள் கை ஆடாமல் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. எண் சரியா என்று சொல்ல அதற்கு வழியில்லை. அதனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பிளாங்கை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த லேபும் ஓல்சன் முறையில்தான் செய்ததா, இல்லை பிரே முறையா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கரைசல், எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அடுத்தது அலகு. பிபிஎம்மை ஹெக்டேர் கணக்குக்கு மாற்ற 2.24-ஆல் பெருக்குகிறோம். பாஸ்பரஸை பாஸ்பரஸ் பென்டாக்சைடாகச் சொல்ல 2.29-ஆல் பெருக்குகிறோம். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது, அல்லது இரண்டையும் போட்டுவிடுவது சகஜம். ஆனால் அப்படி நடந்திருந்தால் உங்கள் இரண்டு எண்களுக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்திருக்கும், அல்லது வித்தியாசமே தெரியாத அளவுக்கு நெருங்கியிருக்கும். 14-க்கும் 9-க்கும் ஒன்றரை மடங்குதான். அலகுத் தப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 5 கிலோ குவெட்டுக்குள் எவ்வளவு என்று பாருங்கள். 2.5 கிராம் மண்ணில் 50 மில்லி சோடியம் பைகார்பனேட் ஊற்றி அரை மணி நேரம் ஷேக்கரில் வைக்கிறோம். அது 20 மடங்கு. வடித்ததில் 5 மில்லி எடுத்து, அமிலம் விட்டு, மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து 25 மில்லியாக்குகிறோம். அது இன்னொரு 5 மடங்கு. ஆக மொத்தம் 100 மடங்கு. தமிழ்நாட்டில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று போடுகிறோம். 11 கிலோ என்பது மண்ணில் 4.9 பிபிஎம். நூறால் வகுத்தால் குவெட்டில் இருப்பது 0.049 பிபிஎம். 880 நானோமீட்டரில், ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 1 பிபிஎம் பாஸ்பரஸ் ஏறக்குறைய 0.67 அப்சார்பன்ஸ் கொடுக்கும். அப்படியானால் குறைவு, நடுத்தரம் என்று பிரிக்கும் கோடு உங்கள் கருவியில் 0.033 என்ற இடத்தில் நிற்கிறது.

உங்கள் 14 கிலோ கருவியில் 0.042. அவர்களுடைய 9 கிலோ 0.027. இரண்டுக்கும் நடுவில் 0.015-தான். உரச் சிபாரிசை மாற்றிப்போடும் ஒரு வித்தியாசம் இவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது. பேப்பரில் 14, 9 என்று பார்க்கும்போது பெரிதாகத் தெரிகிறது. கருவியில் பார்த்தால், சரியாகத் துடைக்காத குவெட்டில் பட்ட விரல் ரேகையே 0.015 கொடுத்துவிடும்.

விரல் ரேகை என்றால் ஒரு சாம்பிளோடு போய்விடும், டூப்ளிகேட் அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவாக 0.015 ஏறினால்தான் சிக்கல். நான் இதில் அனுபவப்பட்டவன். முன்பு வேலை பார்த்த ஒரு லேபில் வடிநீரின் பழுப்பு நிறத்தைப் போக்க ஆக்டிவேட்டட் கரி போடுவோம், இப்போதும் பல இடங்களில் போடுகிறார்கள். ஒரு நாள் பழைய டப்பா தீர்ந்து புது டப்பா திறந்தோம். அடுத்த மூன்று வாரத்துக்கு ‘குறைவு’ என்று வரவேண்டிய மண்ணெல்லாம் நடுத்தரமாக வந்தது. அந்த வட்டாரத்தில் மணிச்சத்து நன்றாக இருக்கிறது போல என்று பேசிக்கொண்டோம். டூப்ளிகேட் அத்தனையும் அச்சடித்த மாதிரி ஒட்டி வந்தது. பிளாங்க் சுத்தமாக 0.001, 0.002.

பிளாங்க் ஏன் சுத்தமாக வந்தது என்பதுதான் கதை. பைகார்பனேட் பாட்டிலிலிருந்து நேரே 5 மில்லி பிப்பெட்டில் எடுத்து நிறக் கரைசல் சேர்த்து அதைத்தான் பிளாங்க் என்று வைத்திருந்தோம். அது கரியைப் பார்க்கவே இல்லை, வடிதாள் வழியாகவும் போகவில்லை. கரியில் பாஸ்பேட் இருந்தது. மண்ணுள்ள பாட்டில்களுக்கெல்லாம் ஒரே கரண்டி கரி, அதனால் ஒரே அளவு பாஸ்பேட். மண் இல்லாத வெறும் பாட்டிலில் 50 மில்லி கரைசல் ஊற்றி, அதே கரண்டி கரி போட்டு, ஷேக்கரில் வைத்து, வடித்து, நிறம் வரவைத்துப் படித்தபோது 0.016 வந்தது. ஹெக்டேர் கணக்கில் 5 கிலோவுக்கும் கொஞ்சம் அதிகம். இல்லாத மண்ணுக்கு அது.

அதனால் முதல் வேலை இதுதான். உங்கள் பிளாங்க் எந்தப் பாட்டிலிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். மண் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அதற்கும் நடக்க வேண்டும்: அதே பாட்டில், அதே மூடி, ஷேக்கர், கரி, வடிதாள், அமிலம். ஒரு தொகுதிக்கு இரண்டு வையுங்கள். கரியில் பாஸ்பேட் வந்தால், பைகார்பனேட் கரைசலிலேயே அந்தக் கரியை ஆட்டி வடித்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசிக் காயவைத்து மறுபடி சோதியுங்கள். 880-இல் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மண்ணின் பழுப்பு நிறம் அந்த அலைநீளத்தில் மிகக் கொஞ்சமே தெரியும். அமிலம் விட்டதும் அதில் ஒரு பகுதி படிந்தும்விடும். கரியே இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பத்து மண்ணில் செய்து பார்த்து முடிவெடுங்கள். பழக்கத்துக்காகப் போடுகிறோம் என்றால் அதை விட்டுவிடலாம். வடிதாளையும் கண்ணாடியையும் மறக்க வேண்டாம். சோப்புப்பொடி போட்டுக் கழுவிய குடுவையிலிருந்து பாஸ்பேட் ஏறும், நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து அலசுவது அதற்காகத்தான்.

சரி, டூப்ளிகேட் எதற்குத்தான் உதவும்? சிதறல் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல உதவும். ஆனால் அதைச் செய்கிற விதத்தில் ஏமாற்றிக்கொள்வது ரொம்பச் சுலபம். ஒரே வடிநீரை இரண்டு குழாயில் பிரித்து நிறம் வரவைத்தால் அது டூப்ளிகேட் ஆகாது. பிப்பெட்டையும் கருவியையும் மட்டும்தான் அது சோதிக்கிறது. மண் பையைத் திறந்து, தனித்தனியாக இரண்டு தடவை 2.5 கிராம் நிறுத்து, தனிப் பாட்டிலில் தொடங்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் கூடாது. ஒன்று மூன்றாவது இடத்தில் என்றால் மற்றது பதினேழாவது இடத்தில் இருக்கட்டும், அதுவும் வேறு எண்ணோடு. படிப்பவருக்கு அது ஜோடி என்று தெரிந்தால் முதல் எண்ணுக்கு ஏற்றபடி இரண்டாவதைப் படிக்கத் தோன்றும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, முள் ஆடும்போது எந்தக் கணத்தில் எண்ணை எழுதுகிறோம் என்பதில்தான் அது நடக்கிறது. உங்களுக்கு ‘எப்போதும் ஒட்டியே’ வருகிறது என்றதும் எனக்கு இந்தச் சந்தேகமும் வந்தது. ஓல்சன் முறையில் எப்போதுமே ஒட்டி வராது.

எவ்வளவு விலகலாம் என்று உங்கள் பதிவேடே சொல்லும். ஐந்து ஜோடிகளின் வித்தியாசம் பிபிஎம்மில் 0.6, 0.9, 0.3, 1.1, 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2.72. ஜோடி எண்ணிக்கையின் இரண்டு மடங்கான 10-ஆல் வகுத்தால் 0.272. வர்க்கமூலம் 0.52. இதுதான் உங்கள் லேபில் ஒரு தனி அளவீட்டின் திட்ட விலக்கம். ஐந்து ஜோடி கணக்கைக் காட்டத்தான், உண்மையில் இருபது ஜோடியாவது சேர்ந்த பிறகு போடுங்கள். எக்செல்லில் வித்தியாசங்கள் D பத்தியில் இருந்தால் இது போதும்:

```
=SQRT(SUMSQ(D2:D21)/(2*COUNT(D2:D21)))
```

இந்த எண்ணை 2.8-ஆல் பெருக்குங்கள். 1.5 பிபிஎம் வருகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நூற்றில் ஐந்து ஜோடிதான் இதைத் தாண்டி விலகும். அடிக்கடி தாண்டினால் ஏதோ ஆடுகிறது. நிறுப்பதாக இருக்கலாம், மண் சரியாகக் கலக்காததாகவும் இருக்கலாம். குறைந்த அளவு மண்ணுக்கு இப்படி பிபிஎம்மிலேயே எல்லை வைத்துக்கொள்ளுங்கள். 15 பிபிஎம்முக்கு மேல் போனால் சிதறலும் கூடவே வளரும், அங்கே சதவீதத்தில் வைப்பதுதான் பொருந்தும். எல்லா மண்ணுக்கும் ‘10 சதவீதம்’ என்று ஒரே விதி எழுதிவைத்தால் 3 பிபிஎம் மண் தினமும் தோற்கும், 40 பிபிஎம் மண் தினமும் ஜெயிக்கும்.

இதே 0.52 இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு தடவை மட்டும் செய்த சாம்பிளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 1 பிபிஎம், அதாவது ஹெக்டேருக்கு 2 கிலோவுக்கு மேல் சந்தேகம் உண்டு. 10 கிலோ வந்த மண்ணும் 12 கிலோ வந்த மண்ணும் வேறு என்று உங்களால் சொல்ல முடியாது, அட்டையில் ஒன்று குறைவு, மற்றது நடுத்தரம் என்று அச்சானாலும் சரி. கோட்டை ஒட்டி வருகிற சாம்பிள்களை மட்டும் மறுபடி ஒருமுறை செய்து சராசரி போடுவது நல்ல பழக்கம்.

எப்போதாவது ஒரு ஜோடி தாறுமாறாகப் போகும். ஒன்று 7 பிபிஎம், இன்னொன்று 80. பயப்பட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். டிஏபி உரத்தில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ். ஒரு மில்லிகிராம் டிஏபித் துணுக்கு, மண்ணோடு கலந்தால் கண்ணில் படாத தூள், 2.5 கிராம் மண்ணில் விழுந்தால் 80 பிபிஎம் ஏறிவிடும். முழுக் குருணையை 2 மில்லிமீட்டர் சல்லடை பெரும்பாலும் நிறுத்திவிடும், ஆனால் கட்டி உடைக்க மரச் சுத்தியலால் தட்டும்போது குருணையும் சேர்ந்து நொறுங்கியிருக்கும். அந்தப் பையிலிருந்து இன்னும் நான்கு தடவை எடுத்துச் செய்யுங்கள். மூன்று 7 பக்கம் வந்து ஒன்று எகிறினால் துணுக்குதான். உரம் போட்ட பிறகு மண் எடுத்தாரா என்று விவசாயியிடம் கேட்டால் பாதி நேரம் ஆமாம் என்பார்.

கண்ட்ரோல் மண்ணுக்கு வருவோம். கடையில் சான்றளிக்கப்பட்ட மண் வாங்கலாமே என்று தோன்றும். வாங்கலாம், ஆனால் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பல சான்று மண்களுக்கு மொத்தப் பாஸ்பரஸ்தான் சான்றளித்திருப்பார்கள், மண்ணையே அமிலத்தில் கரைத்து அளந்தது. ஓல்சன் பாஸ்பரஸ் அதில் மிகச் சிறு பங்கு. அந்த எண்ணை வைத்து உங்கள் வேலையைச் சரிபார்க்க வழியில்லை. உங்களுக்கு வேண்டியது ஓல்சன் முறையிலேயே பல லேபுகள் அளந்து ஒத்த மதிப்பு வந்த மண். நெதர்லாந்தின் வாகனிங்கனிலிருந்து நடக்கும் வெபால் பரிமாற்றத்தில் அப்படிக் கிடைக்கும். உலக உணவு வேளாண் அமைப்பு 2017-இல் தொடங்கிய குளோசோலான் வலையமைப்பும் லேபுகளுக்கு இடையே இப்படி ஒப்பீட்டுச் சோதனைகள் நடத்துகிறது. அந்த மண் விலை அதிகம், கொஞ்சமாகத்தான் வரும், அதைத் தினமும் எடுத்துத் தீர்க்க முடியாது. தினசரி வேலைக்கு நீங்களே ஒன்று தயார் செய்யுங்கள், சான்று மண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதன் கூட ஓட்டிப் பாருங்கள்.

தயார் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரே வயலில் 10 கிலோ மண், நிழலில் உலர்த்தி, தட்டி, 2 மில்லிமீட்டரில் சலித்து, சுத்தமான தார்ப்பாயில் குவித்துப் பரப்பி, மறுபடி குவித்து, ஏழெட்டுத் தடவை புரட்டுங்கள். பிறகு நான்காகப் பிரித்துப் பிரித்துப் பாட்டில்களில் அடையுங்கள். பத்துப் பாட்டிலை எங்கிருந்தாவது உருவி ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை செய்யுங்கள். பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் ஒரே பாட்டிலுக்குள் வரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தால் கலவை போதவில்லை, திரும்பக் கொட்டிப் புரட்டுங்கள். சரியாக இருந்தால் இருபது வெவ்வேறு நாட்களில் வழக்கமான தொகுதிகளோடு சேர்த்து ஓட்டி, சராசரியும் திட்ட விலக்கமும் எடுங்கள். ஒரே நாளில் இருபது தடவை செய்தால் விலக்கம் பொய்யாகச் சுருங்கி வரும், பிறகு ஒவ்வொரு நாளும் ‘எல்லை தாண்டியது’ என்று அலாரம் அடிக்கும்.

இதில் என் பிடிவாதம் ஒன்று: ஒரு மண் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று உங்கள் கோட்டுக்குப் பக்கத்தில், 4 பிபிஎம் மாதிரி. இன்னொன்று நன்றாக உரம் விழுந்த தோட்ட மண், 20 பிபிஎம் மாதிரி. ஏன் என்றால் தப்பு எந்த வகை என்று அவை இரண்டும் சேர்ந்துதான் சொல்லும். 4 வரவேண்டியது 6.3, 20 வரவேண்டியது 22.2 என்று வந்தால் இரண்டிலும் ஒரே அளவு ஏறியிருக்கிறது. அது பிளாங்க் பக்கத்துத் தப்பு, கரி, கண்ணாடி, வடிதாள். 4 வரவேண்டியது 4.6, 20 வரவேண்டியது 23 என்றால் இரண்டிலும் 15 சதவீதம் ஏறியிருக்கிறது. அது ஸ்டாண்டர்டில் இருக்கும் தப்பு. தாய்க் கரைசலை நீர்க்கும்போது அளவு பிசகி, லேபிளில் எழுதியதைவிட ஸ்டாண்டர்ட் நீர்த்துப்போனால் இப்படி எல்லா மண்ணும் ஒரே விகிதத்தில் ஏறும். ஒரே ஒரு கண்ட்ரோல் மண் இருந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்றே தெரியாது. எங்கள் கரிக் கதையில் கண்ட்ரோல் மண் இருந்தது, 20 பிபிஎம் மண். 2.2 ஏறினால் அது 11 சதவீதம்தான், எங்கள் எல்லைக்குள் அமைதியாக உட்கார்ந்திருந்தது. 4 பிபிஎம் மண் ஒன்று கூட இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும்.

வருகிற எண்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே போங்கள். நடுவில் சராசரிக் கோடு, இரண்டு விலக்கத்தில் எச்சரிக்கைக் கோடு, மூன்றில் நிறுத்தக் கோடு. மூன்றைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும், கண்ட்ரோலை மட்டும் அல்ல. கண்ட்ரோலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, எல்லைக்குள் வந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று எழுதுவது இந்தத் தொழிலில் பரவலாக நடக்கிற தில்லுமுல்லு. கண்ட்ரோலுக்குச் சாதாரண லேப் எண் கொடுத்துக் கூட்டத்தோடு கலந்துவிடுவதும் நல்லது. தெரிந்தால் அதற்கு மட்டும் தனிக் கவனத்தோடு நிறுப்பார்கள்.

கோட்டைத் தாண்டாமலே தப்பு உள்ளே வருவதும் உண்டு. ஒரு கோடையில் எங்கள் கண்ட்ரோல், சராசரி 8.4, விலக்கம் 0.5, வரிசையாக இப்படி வந்தது: 8.6, 8.9, 8.7, 9.1, 8.8, 9.0, 9.2. எச்சரிக்கைக் கோடு 9.4-இல், ஒன்றும் தாண்டவில்லை. ஆனால் ஏழும் நடுக்கோட்டுக்கு மேலே. காசைச் சுண்டினால் ஏழு தடவையும் தலையே விழ 128-இல் ஒரு வாய்ப்பு. பிளாங்க் சுத்தம், ஸ்டாண்டர்ட் வளைவு பழையபடியே, டூப்ளிகேட்டும் நன்றாக இருந்தது. இந்த மூன்றும் சரியாக இருந்து கண்ட்ரோல் மட்டும் நகர்ந்தால், தேடவேண்டிய இடம் மண்ணும் கரைசலும் சந்திக்கிற அந்த அரை மணி நேரம்தான். ஏனென்றால் ஸ்டாண்டர்ட் ஷேக்கருக்குள் போவதே இல்லை, பிளாங்கில் கரைந்துவர மண் இல்லை. ஷேக்கரை மேற்குச் சுவர் ஜன்னலோரம் மாற்றி வைத்திருந்தோம், மதியத்துக்கு மேல் பாட்டிலுக்குள் 27 டிகிரி தொட்டது, முன்பு 25. ஓல்சன் கரைசல் 20 முதல் 30 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 பிபிஎம் கூடுதலாக இழுக்கும். இரண்டு டிகிரிக்கு 0.8 வரை ஏறலாம், எங்களுக்கு ஏறியது 0.5, 0.6. ஷேக்கரைப் பழைய இடத்தில் வைத்தோம், இறங்கியது. வெப்பம் இல்லை என்றால் அடுத்து பைகார்பனேட்டின் பி.எச். பாருங்கள். 8.5-க்குச் சரிசெய்த கரைசல் திறந்தபடி இருந்தால் கரியமில வாயு போய் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, தணிக்கையாளர் கேட்ட கண்டறியும் வரம்பு. கருவியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணைச் சொல்லக் கூடாது. அது கருவியினுடையது. உங்களுடையது நிறுப்பதிலிருந்து படிப்பது வரை முழு வழியினுடையது. மணிச்சத்து மிகக் குறைந்த ஒரு மண்ணை எடுங்கள். ஏழு தனிப் பாட்டில், ஒரே நாளில் செய்யாமல் மூன்று நாளாகப் பிரித்து. பிபிஎம்மில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 3.1, 3.6, 2.8, 3.9, 3.3, 2.7, 3.7. சராசரி 3.3, திட்ட விலக்கம் 0.46. ஏழு அளவீட்டுக்குரிய டி-மதிப்பு 3.14. பெருக்கினால் 1.4 பிபிஎம், ஹெக்டேருக்கு 3.2 கிலோ. இதுதான் கண்டறியும் வரம்பு. இதற்கு மேல் வந்தால் ‘மணிச்சத்து இருக்கிறது’ என்று தைரியமாகச் சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. எவ்வளவு என்று சொல்ல, விலக்கத்தைப் பத்தால் பெருக்குவது வழக்கம். 4.6 பிபிஎம். ஹெக்டேருக்கு 10.3 கிலோ.

இந்த 10.3-ஐ உங்கள் 11-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைவு என்று அட்டையில் போடுகிற பகுதி ஏறக்குறைய முழுவதும், எண்ணாகச் சொல்லத் தகுதியில்லாத இடத்தில் விழுகிறது. குறைவு என்ற சொல் சரிதான், ‘6.7 கிலோ’ என்று தசமத்தோடு அச்சிடுவதுதான் அபத்தம். வரம்பைக் கீழே இறக்க வேண்டுமானால் 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி வடிநீர் எடுங்கள், 100 மடங்கு 50 ஆகும். பைகார்பனேட்டும் இரட்டிப்பதால் அமிலமும் கூட வேண்டும், நுரைத்துப் பொங்கும், மெல்ல விட்டு வாயு அடங்கிய பிறகு நிரப்புங்கள். ஸ்டாண்டர்டிலும் அதே 10 மில்லி பைகார்பனேட் இருக்க வேண்டும். இது கருவி படிப்பதில் வரும் ஆட்டத்தைத்தான் பாதியாக்கும். நிறுப்பதில், கலக்குவதில் உள்ள ஆட்டம் அப்படியே இருக்கும். கரியிலிருந்து வரும் பாஸ்பேட்டும் கூடவே இரட்டிக்கும், அதனால் பிளாங்கைச் சரிசெய்யாமல் இதைத் தொட வேண்டாம்.

வரம்புக்குக் கீழே வந்ததை அட்டையில் ‘3.2-க்குக் கீழ்’ என்று எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுத வேண்டாம். பதிவேட்டில் மட்டும் வந்த எண்ணை அப்படியே வையுங்கள், மைனஸாக இருந்தாலும். பிளாங்கைக் கழித்தபின் நாலைந்து சாம்பிள் தொடர்ந்து மைனஸில் போனால் பிளாங்க் பாட்டிலில் எதுவோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பூஜ்யமாக மாற்றி எழுதியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

அந்த விவசாயியின் மண் பை இன்னும் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளைக்கே அதை மூன்று பாட்டிலில் போடுங்கள், கூடவே முழு வழி பிளாங்க் இரண்டு, கரி போடாமல் ஓட்டிய பிளாங்க் இரண்டு. கரி போட்டதும் போடாததும் 0.015 பக்கம் வித்தியாசப்பட்டால் உங்கள் 5 கிலோ அகப்பட்டுவிட்டது. இரண்டு பிளாங்கும் ஒன்றாகவே இருந்து, மூன்று பாட்டிலும் மறுபடி 14 பக்கம் வந்தால், மீதி மண்ணைப் பிரித்து அந்த லேபுக்கும் மூன்றாவதாக ஒரு லேபுக்கும் அனுப்புங்கள், பிசகு அவர்கள் பக்கமாகவும் இருக்கலாம். கரிதான் என்று தெரிந்தால், அந்த டப்பாவை எந்தத் தேதியில் திறந்தீர்கள் என்று பாருங்கள். அன்றிலிருந்து இன்று வரை 11-க்கும் 16-க்கும் நடுவில் வந்த சாம்பிள் அத்தனையையும் எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். டப்பாவில் தேதி எழுதவில்லை என்றால் கொள்முதல் ரசீதில் உள்ள தேதியிலிருந்து தொடங்குங்கள்.